அம்மாவின் பேசரியும் அப்பாவின் பாதி மீசையும்: 15 ரூபாய் டெஸ்ட் பிரிண்ட்

வணக்கம் மக்களே. இன்றைக்கு அலமாரி இரண்டாம் பாகம் போடுவதாகச் சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். அதற்கு முன்னால் இந்த மக்கைப் பாருங்கள். கொஞ்சம் கேமராவுக்குக் கிட்டக் கொண்டுவருகிறேன். கைப்பிடிக்குப் பக்கத்தில் வெளுத்துப்போய், ஆவி மாதிரி ஓர் உருவம் நிற்கிறதே, அது எங்கள் சித்தப்பா. உயிரோடு, நல்ல ஆரோக்கியமாக இருக்கிற சித்தப்பா.

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் என்று போன வீடியோவிலேயே சொன்னேன். திருக்கடையூரில் வைத்திருக்கிறோம். ஊருக்குத் திரும்பி வந்ததும் அப்பா அம்மாவுக்குச் சுவரில் மாட்ட ஒரு கேன்வாஸ், அத்தை சித்தி வீடுகளுக்கு மக், குட்டிகளுக்குக் குஷன், இதுதான் திட்டம். பத்து மக் சொல்வதற்கு முன்னால் ஒன்றே ஒன்று போட்டுப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றியதே, அதற்கு என்னை நானே மெச்சிக்கொள்கிறேன். என் கஞ்சத்தனத்தைக் கமெண்டில் கிண்டல் செய்கிறவர்கள் கவனிக்கவும்.

மக் 250 ரூபாய். சரி. டிசைன் சார்ஜ் 50 ரூபாய்! என்ன டிசைன்? நான் அனுப்பிய ஒரே ஒரு படத்தை எடுத்து அந்த நீளப் பெட்டிக்குள் வைத்தார்கள். அவ்வளவுதான். ஒரு பூ இல்லை, ஒரு பார்டர் இல்லை, "மணிவிழா வாழ்த்துகள்" என்று ஒரு வரிகூட இல்லை. நான் கேட்டேன், "அண்ணா, பத்து மக் சொன்னால் பத்துக்கும் 50 போடுவீர்களா?" "ஆமாம்மா, ஒவ்வொன்றுக்கும் தனியாக வைக்கணுமே." ஒரே படத்தை, பத்துத் தடவை, தனித்தனியாக வைக்கிறார்களாம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். ராத்திரி சாப்பிடும்போதும் சொன்னேன். என் வீட்டுக்காரர் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

ஆனால் சித்தப்பா ஆவியானதற்குக் கடையை மட்டும் சொல்ல முடியாது. தேர்ந்தெடுத்த படமே தப்பு. நான் கொடுத்தது பதின்மூன்று பேர் வரிசையாக நிற்கிற குடும்பப் படம். சாதாரண மக்கில் படம் போகிற இடம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் உயரம். நம் போன் எடுக்கிற படம் அந்த விகிதத்தில் இருக்காது. நீளத்துக்குச் சரியாக வைத்தால் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வெட்டுப்படும். பின்வரிசைக்குத் தலை போகலாம், இல்லை முன்னால் உட்கார்ந்த குழந்தைகள் போகலாம், நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். அதைவிடப் பெரிய விஷயம், மக் உருண்டை. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் ஏழெட்டு சென்டிமீட்டர்தான் ஒழுங்காகத் தெரியும். பதின்மூன்று பேரையும் பார்க்க மக்கைத் திருகை மாதிரிச் சுற்ற வேண்டும். முகம் ஒவ்வொன்றும் கடலைப் பருப்பு அளவு.

வெளுத்த காரணம் வேறு. படத்தை முதலில் ஒரு தாளில் இடம் வலமாக மாற்றி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி அச்சடித்து, அதை மக்கில் ஒட்டிச் சூடான பிரஸ்ஸில் வைத்து அழுத்துகிறார்கள். மை ஆவியாகி மக்கின் மேல்பூச்சுக்குள் போய் உட்காரும். கைப்பிடிக்குப் பக்கத்தில் பிரஸ்ஸின் அழுத்தம் சரியாகப் போகாது. அதனால் இரண்டு ஓரமும்தான் முதலில் வெளுக்கும். முகம் எதையும் கைப்பிடி ஓரத்தில் வைக்காதீர்கள்.

இப்போது நான் மாற்றியது என்னவென்றால், ஒரு நீளப் படத்துக்குப் பதிலாக இரண்டு சின்னப் படங்கள், கைப்பிடிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு பக்கம் மட்டும் போட்டால் போதாதா என்று கேட்காதீர்கள். எங்கள் அப்பா இடதுகைக்காரர். வலதுகையால் பிடிக்கிறவர் கண்ணுக்குத் தெரிகிற பக்கம், அப்பா பிடித்தால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். தன் படத்தை ஊருக்குக் காட்டிக்கொண்டே அவர் காபி குடிக்க வேண்டியதுதான்.

அப்புறம் நகத்தை வைத்து ஒரு சோதனை. படத்தின் விளிம்பில் நகத்தை இப்படி ஓட்டுங்கள். ஒன்றும் தட்டுப்படக் கூடாது. தட்டினால் அது ஸ்டிக்கர், நாலு தடவை தேய்த்துக் கழுவினால் ஓரம் தூக்கிக்கொள்ளும். இது தட்டவில்லை. ஆக, கடை வேலை மோசமில்லை. டிசைன் சார்ஜ்தான் மோசம்.

சரி, முக்கியமான விஷயம், கேன்வாஸ். இது 1,900 ரூபாய். இதில் சொதப்பினால் மக் மாதிரிச் சிரித்துக்கொண்டு விட முடியாது.

படம் முக்கொம்பில் எடுத்தது. இரண்டு பேரும் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள், அப்பா எதற்கோ வாயைத் திறந்து சிரிக்கிறார், அம்மா அவரைப் பார்க்கிறாள். ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்றும் இருக்கிறது, அதில் இருவரும் பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்த மாதிரி இருப்பார்கள். வேண்டவே வேண்டாம். ஆனால் முக்கொம்புப் படம் என்னிடம் இருந்தது தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். என்னிடம் இருந்தது 1600க்கு 1200 பிக்சல். தம்பி போனில் இருக்கிற அசல் 4000க்கு 3000.

போன் திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் இந்த டெஸ்ட். கடைக்காரர் சொல்லவில்லை, நானே யோசித்தது. முழுப் படத்தையும் சின்னதாக அச்சடித்துப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை, சின்னதாக எல்லாப் படமும் அழகுதான். கேன்வாஸில் எந்த அளவுக்கு வருமோ அதே அளவில் ஒரு துண்டை மட்டும் வெட்டி, மேக்சி சைஸில், அதாவது 6க்கு 4 அங்குலத்தில், போட்டுப் பார்க்க வேண்டும்.

கணக்கு சுலபம். எனக்கு வேண்டியது 24க்கு 18 அங்குலம். படம் மரச்சட்டத்தின் பக்கவாட்டிலும் மடிந்து போகும், ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலம். ஆக உண்மையில் அச்சாவது 27க்கு 21. 3000 பிக்சலை 21 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்குச் சுமார் 143. அப்படியானால் 6க்கு 4 துண்டு என்பது 858க்கு 572 பிக்சல். கணினியில் பெயிண்டில் திறந்து கட்டம் இழுத்தால் கீழேயே எண்ணிக்கை ஓடும், அந்த அளவு வந்ததும் வெட்டி ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டேன். 15 ரூபாய். வாட்ஸ்அப் நகலிலிருந்தும் அதே இடத்தை வெட்டி, அதற்கும் 15.

இதோ இரண்டும். அப்பாவின் பாதி மீசை, அம்மாவின் மூக்கு, அதில் எட்டுக்கல் பேசரி. அசலில் வெட்டியதில் கல்லை எண்ணலாம். ஒன்று, இரண்டு, மூன்று, ஆமாம், எட்டும் தெரிகிறது. நகலில் பேசரி ஒரு சோற்றுப் பருக்கை. மீசை மையைத் தேய்த்த மாதிரி. இதைச் சுவரில் இரண்டடிக்கு மாட்டியிருப்பேன்! தம்பியைக் கூப்பிட்டு, அசலை டாக்குமென்டாக அனுப்புடா என்று நாலு தடவை சொல்லி, ஐந்தாவது தடவை நேரில் போய் வாங்கினேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், சட்டத்தில் மடிகிற அந்த ஒன்றரை அங்குலம். அது படத்திலிருந்துதான் போகும். அம்மாவின் முழங்கை ஓரத்தில் இருந்தது, அப்படியே விட்டிருந்தால் கை பக்கவாட்டில் மடிந்து போயிருக்கும். நல்லவேளை, மரம் கொஞ்சம் அந்தப் பக்கம் இருந்ததால் நகர்த்தி வெட்ட முடிந்தது. நெருக்கி எடுத்த படத்துக்கு இந்த வழி கிடையாது. ஓரத்தைத் தனி நிறத்தில் விடச் சொல்ல வேண்டும்.

மேக்சியில் இன்னொன்றும் தெரிந்தது. அம்மா கட்டியிருந்தது பாட்டில் பச்சைப் பட்டு. போனில் பச்சை, பிரிண்டில் கருப்பு. திரை உள்ளிருந்து வெளிச்சம் போடுகிறது, தாள் போடாதே. போன் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள், ஏறத்தாழ அதுதான் அச்சில் வரும். நிழலான இடங்களை மட்டும் கொஞ்சம் ஏற்றினேன், பச்சை திரும்பி வந்தது.

ஆனால் மேக்சி பளபளப்புத் தாள், கேன்வாஸ் துணி. தெளிவுக்குத்தான் மேக்சி சாட்சி, நிறத்துக்கு இல்லை. அதற்குக் கேன்வாஸ் போடுகிற இடத்தில் கேட்டேன், ரோலில் ஓரமாக மிஞ்சுகிற இடத்தில் அதே துண்டைப் போட்டுத் தர முடியுமா என்று. 80 ரூபாய்க்குப் போட்டுத் தந்தார். டிசைன் சார்ஜ் கேட்கவில்லை! அந்தத் துண்டை நன்றாக மடித்தேன், மடிப்பில் வெள்ளைக்கோடு விழுகிறதா என்று. ஈரத் துணியால் துடைத்தேன், மை ஒட்டுகிறதா என்று. மடிப்பில் மெல்லிய கோடு விழுந்தது, அதனால் மேலே ஒரு பூச்சு கொடுத்துத் தருகிறேன் என்றார். முகர்ந்தும் பார்த்தேன், சிரிக்காதீர்கள். ஃப்ளெக்ஸ் பேனர் வாசனை அடித்தால் அது துணியே இல்லை.

குஷனை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தாத்தா படத்தைக் குஷனில் போடலாம் என்றேன், அத்தை போனிலேயே சத்தம் போட்டாள், "பெரியவர் முகத்தில் முதுகை வைத்துச் சாய்வாயா?" நியாயம்தான். குட்டிகள் படமும் நாய்ப் படமும் மட்டும். முகம் நடுவில் இருக்கட்டும், பஞ்சு அடைத்ததும் ஓரம் பின்னால் வளைந்து போய்விடும். அப்புறம், "ப்யூர் காட்டன் மேடம்" என்று சொன்னால் இன்னும் கவனமாக இருங்கள். மக்கில் போடுகிற அதே மைதான், பாலியஸ்டரில்தான் பிடிக்கும், பருத்தியில் துவைத்தால் போய்விடும். உள்தையல் ஓரத்தில், தையல் நூலை விட்டுவிட்டு, துணியிலிருந்தே ஒரு நூலை இழுத்துக் கொளுத்திப் பாருங்கள். உருகி மணி மாதிரித் திரண்டால் பாலியஸ்டர், சாம்பலானால் பருத்தி. தடவினால் படம் மாறுகிற ஜிகினாக் குஷன் எனக்குப் பிடிக்காது. அதைப் பற்றிப் பேசவே மாட்டேன்.

கேன்வாஸ் வியாழக்கிழமை வருகிறது, பரணில் ஒளித்து வைக்க வேண்டும். ஏற்கெனவே பாதி மாட்டிக்கொண்டேன். இந்த இரண்டு மேக்சியையும் ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் அம்மா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "ஏண்டி, எவன் எடுத்தான் இந்தப் போட்டோவை? மூக்கை மட்டும் எடுத்திருக்கான்." கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேசரி நல்லா விழுந்திருக்கு" என்று சொல்லி, அதைத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.