வைஃபை இணைந்துவிட்டது, உள்நுழைவுப் பக்கம் மட்டும் ஏன் வரவில்லை?

வணக்கம். விடுதியிலோ விமான நிலையத்திலோ வைஃபையில் இணைகிறீர்கள். "இணைக்கப்பட்டது" என்று திரை சொல்கிறது. ஆனால் அறை எண்ணையோ கைபேசி எண்ணையோ கேட்க வேண்டிய அந்தப் பக்கம் மட்டும் வருவதில்லை. இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்துப் பார்ப்பதற்கு முன், அந்தப் பக்கம் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் அது தடைபட்டது என்பதைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம். அதைத்தான் இந்த வீடியோவில், என் மேசையில் இருக்கும் லேப்டாப்பை வைத்தே செய்து காட்டப்போகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுகிறேன். உள்நுழைவுப் பக்கத்தை வைஃபை நமக்கு அனுப்பி வைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உள்நுழையும்வரை இணையத்தைத் தடுத்து வைக்கும் இந்த ஏற்பாட்டுக்குக் கேப்டிவ் போர்ட்டல் என்று பெயர். பழைய முறையில் அமைந்த போர்ட்டல் எதுவும் அப்படி அனுப்புவதில்லை. நம் கருவி வெளியுலகில் உள்ள ஏதோ ஒரு தளத்தைக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி குறியாக்கம் இல்லாத எச்டிடிபி கேள்வியாக இருக்க வேண்டும். வைஃபையை வெளி இணையத்தோடு இணைக்கும் கருவியான கேட்வேயை அது கடக்கும்போது, கேட்வே அதை இடைமறித்து, அந்தத் தளமே பேசுவதுபோல் "நீங்கள் தேடும் பக்கம் வேறு முகவரியில் இருக்கிறது" என்று 302 என்ற எண்ணுடன் ஒரு பதிலைத் திருப்பி அனுப்பும். அந்த வேறு முகவரிதான் விடுதியின் உள்நுழைவுப் பக்கம். ஆக, நாம் கேட்காதவரை பக்கம் வராது. பூட்டிய உறையில் வைத்துக் கேட்டாலும் வராது.

பூட்டிய உறை என்று நான் சொல்வது எச்டிடிபிஎஸ் இணைப்பை. இன்று நாம் திறக்கும் தளங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த வகைதான். அந்த இணைப்பில் தளம் தன் சான்றிதழைக் காட்டித் தன்னை நிரூபிக்க வேண்டும். கேட்வேயிடம் அந்தச் சான்றிதழ் இல்லாததால், அது நடுவில் புகுந்து பதில் சொன்னால் பிரவுசர் உடனே எச்சரிக்கும். பல கேட்வேக்கள் அந்த முயற்சியே செய்யாமல், எந்தப் பதிலும் தராமல் இணைப்பைக் கைவிட்டுவிடும், அப்போது வெற்றுத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். தினமும் பார்க்கும் பெரிய தளம் ஒன்றின் பெயரைத் தட்டச்சு செய்து பக்கம் வருகிறதா என்று பார்ப்பது பயன் தராததற்கு இதுவே காரணம். அத்தகைய தளங்கள் பலவற்றை எச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே திறக்க வேண்டும் என்ற பட்டியல் பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் அதை மீறி உள்ளே போக வேண்டாம். அங்கே கிடைப்பது விடுதியின் பக்கம்தான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

நாம் கேட்க மறந்தாலும், கருவியே நமக்காகக் கேட்டுவிடும். வைஃபையில் இணைந்த உடனே ஆண்ட்ராய்டு கைபேசி பின்வரும் முதல் முகவரியையும், ஆப்பிள் கருவிகள் இரண்டாவதையும், விண்டோஸ் மூன்றாவதையும் அழைத்துப் பார்க்கின்றன.

```
http://connectivitycheck.gstatic.com/generate_204
http://captive.apple.com/hotspot-detect.html
http://www.msftconnecttest.com/connecttest.txt
```

மூன்றும் http என்று தொடங்குவதைக் கவனியுங்கள். இடைமறிக்கப்பட வேண்டும் என்பதற்காகவே அவை குறியாக்கம் இல்லாமல் விடப்பட்டிருக்கின்றன. முதல் முகவரியிலிருந்து 204 என்ற எண்ணுடன் காலியான பதிலும், இரண்டாவதிலிருந்து "Success" என்ற சொல்லும், மூன்றாவதிலிருந்து "Microsoft Connect Test" என்ற வரியும் வந்தால் இணையம் திறந்திருக்கிறது என்று பொருள். எதிர்பார்த்ததற்குப் பதிலாக வேறு ஏதாவது வந்தால், நடுவில் ஒரு போர்ட்டல் இருக்கிறது என்று கருவி முடிவு செய்து உள்நுழைவுச் சாளரத்தைத் திறக்கிறது. பதிலே வரவில்லை என்றால்? அப்போது கருவிக்குத் தெரிவது "இணையம் இல்லை" என்பது மட்டும்தான். போர்ட்டல் இருப்பதையே அது அறியாது. பக்கம் வராத சிக்கல்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

இப்போது லேப்டாப்புக்கு வருவோம். இது விண்டோஸ் லேப்டாப், உள்நுழைவு கேட்கும் ஒரு விடுதி வைஃபையில் இணைந்திருக்கிறது, பக்கம் வரவில்லை. முதலில் `ipconfig /all` என்ற கட்டளையைக் கொடுக்கிறேன். நீளமாக வரும் விடையில் நமக்கு மூன்று வரிகள் போதும்.

```
IPv4 Address. . . : 10.20.4.57
Default Gateway . : 10.20.0.1
DNS Servers . . . : 8.8.8.8
```

முதல் வரியில் 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்திருந்தால், வைஃபை நமக்கு முகவரியே தரவில்லை என்று பொருள். அப்போது போர்ட்டலைப் பற்றி யோசிப்பதில் பயனில்லை, சிக்னல் நன்றாக உள்ள இடத்துக்குப் போய் மறுபடி இணைவதுதான் வழி. இங்கே முகவரி சரியாக இருக்கிறது, கேட்வேயும் இருக்கிறது. கண்ணில் பட வேண்டியது மூன்றாவது வரி. தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி முகவரியைச் சொல்லும் வேலை டிஎன்எஸ் சர்வருடையது. அதை வழக்கமாக வைஃபையே நமக்குத் தரும். இந்த லேப்டாப்பிலோ கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8 கையால் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் இணையம் மெதுவாக இருந்தபோது யாரோ சொன்ன ஆலோசனையைக் கேட்டு இப்படி மாற்றிவிட்டு, பிறகு அதை மறந்துவிட்டவர்கள் ஏராளம்.

இதனால் என்ன கெட்டுப்போகிறது என்பதை இரண்டு கட்டளைகளால் பார்த்துவிடலாம்.

```
nslookup neverssl.com
nslookup neverssl.com 10.20.0.1
```

முதல் கட்டளை, லேப்டாப்பில் எழுதி வைத்திருக்கும் 8.8.8.8 என்ற சர்வரைக் கேட்கிறது. சில விநாடிகள் கழித்து "DNS request timed out" என்று வருகிறது. இரண்டாவது கட்டளை அதே கேள்வியை நேராகக் கேட்வேயிடம் கேட்கிறது. உடனே ஐபி முகவரி வந்துவிடுகிறது. கேட்வேயே டிஎன்எஸ் சர்வராகவும் இருக்கும் வைஃபைகளில் இந்தச் சோதனை சந்தேகத்துக்கு இடமின்றி விடை தந்துவிடும். உள்நுழையாதவர்கள் வெளியே உள்ள டிஎன்எஸ் சர்வரைத் தொடக் கூடாது என்று இந்த வைஃபை தடுத்து வைத்திருக்கிறது. ஆகவே விண்டோஸ் தன் சோதனை முகவரியை அழைக்க முயன்றபோது, அந்தப் பெயருக்குரிய ஐபி முகவரியே கிடைக்கவில்லை. ஐபி முகவரி கிடைக்காததால் எச்டிடிபி கேள்வி லேப்டாப்பை விட்டுப் புறப்படவே இல்லை. புறப்படாத கேள்வியைக் கேட்வே எப்படி இடைமறிக்கும்? சில வைஃபைகள், எந்த சர்வரின் பெயரில் போகும் டிஎன்எஸ் கேள்வியையும் பிடித்துத் தாங்களே பதில் சொல்லிவிடும். அதனால்தான் இதே லேப்டாப் ஓர் இடத்தில் ஒழுங்காக வேலை செய்து, வேறோர் இடத்தில் முரண்டு பிடிக்கிறது.

இதில் 1.1.1.1 என்ற முகவரிக்குத் தனிக் கதை உண்டு. 2018 ஏப்ரலில் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் அதைப் பொது டிஎன்எஸ் சர்வராக அறிவித்தது. அதற்கு முன் பல ஆண்டுகளாக, யாரும் பயன்படுத்தாத முகவரி என்ற எண்ணத்தில், வைஃபையை நிர்வகிக்கும் கருவிகளான கன்ட்ரோலர்கள் பலவற்றில் உள்நுழைவுப் பக்கத்துக்கே அந்த முகவரியைக் கொடுத்து வைத்திருந்தார்கள். அப்படி அமைத்த கன்ட்ரோலர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில், 1.1.1.1 என்று டிஎன்எஸ் வைத்திருப்பவரின் கேள்வி அந்தக் கன்ட்ரோலரிடமே போய் நின்றுவிடும். உள்நுழைந்த பிறகுகூட அது சரியாகாது.

தீர்வு எளிது. வைஃபையின் அமைப்புகளில் டிஎன்எஸ் முகவரியைத் தானியங்கி என்று மாற்றுகிறேன். துண்டித்து மறுபடி இணைகிறேன். பிரவுசரின் முகவரிப் பட்டையில் `http://neverssl.com` என்று, தொடக்கத்தில் உள்ள http உட்பட முழுவதும் தட்டச்சு செய்கிறேன். இந்தத் தளம் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறாமல் இருப்பதற்காகவே நடத்தப்படுகிறது. இதைப் புக்மார்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். பாருங்கள், பக்கம் திறப்பதற்குப் பதிலாக முகவரி மாறி, விடுதியின் உள்நுழைவுப் பக்கம் வந்துவிட்டது. டிஎன்எஸ் தானியங்கியாக இருந்தும் வரவில்லை என்றால், பிரவுசரின் அமைப்பில் பாதுகாப்பான டிஎன்எஸ் என்ற பகுதியைப் பாருங்கள். அங்கே ஏதாவது ஒரு சேவை தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், பிரவுசர் கணினியின் டிஎன்எஸ்ஸைக் கேட்காமல் தனி வழியில் போக முயன்றுகொண்டிருக்கும்.

விபிஎன் செயலியும் இதே தொல்லையைத் தரும். விபிஎன் இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்ற தேர்வை இயக்கி வைத்திருந்தால், விபிஎன் இணைய இணையம் வேண்டும், இணையம் கிடைக்க உள்நுழைய வேண்டும், உள்நுழைய விபிஎன் வேண்டும் என்று மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். உள்நுழையும்வரை அதை நிறுத்தி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு வகை இதற்கு நேர் எதிரானது. கைபேசியில் வைஃபை குறி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் முழுதாகத் தெரிகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. உள்நுழைவுக்காகக் கைபேசி திறக்கும் சிறிய சாளரம் முழுமையான பிரவுசர் அன்று. அதில் சில உள்நுழைவுப் பக்கங்கள் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் சில நிர்வாகிகள், சாளரமே திறக்காமல் இருக்கட்டும் என்று, மேலே காட்டிய சோதனை முகவரிகளை மட்டும் தடையின்றி வெளியே விட்டுவிடுகிறார்கள். சோதனைக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டதால், இணையம் இருக்கிறது என்று கைபேசி நம்பிவிடுகிறது. எனக்கு இந்த ஏற்பாடு பிடிப்பதில்லை. ஒரு தொல்லையைத் தவிர்க்க, கண்டுபிடிக்கக் கடினமான இன்னொன்றை உண்டாக்குகிறார்கள். இங்கேயும் பிரவுசரை நாமே திறந்து neverssl முகவரியை http உடன் தட்டச்சு செய்தால் பக்கம் வந்துவிடும்.

இந்த இடைமறிப்பு வேலையே தேவையில்லாத ஒரு முறை 2020-இல் ஆர்எஃப்சி 8910 என்ற இணையத் தர ஆவணத்தில் வரையறுக்கப்பட்டது. கருவிக்கு ஐபி முகவரி தரும்போதே, "இங்கே போர்ட்டல் இருக்கிறது, அதைப் பற்றி இந்த முகவரியில் கேட்டுக்கொள்" என்று வைஃபை நேராகச் சொல்லிவிடும். கருவி அங்கே எச்டிடிபிஎஸ் வழியாகவே கேட்டு, இப்படி ஒரு விடையைப் பெறும்.

```
{ "captive": true,
  "user-portal-url": "https://portal.example.com/" }
```

ஆண்ட்ராய்டு 11-உம் ஐஓஎஸ் 14-உம் இதைப் புரிந்துகொள்கின்றன. ஆனால் விடுதியின் கேட்வேயும் இதைப் பேசத் தெரிந்ததாக இருக்க வேண்டும், நிர்வாகி அதை இயக்கியும் வைத்திருக்க வேண்டும். அதுவரை பழைய இடைமறிப்புதான் தொடரும்.

உள்நுழைந்த பிறகு, நீங்கள் நிறுத்தி வைத்த விபிஎன்னை மறுபடி இயக்கிவிடுங்கள். டிஎன்எஸ்ஸைப் பழையபடி 8.8.8.8 என்று மாற்றிப் பார்க்கலாம். மாற்றியவுடன் தளங்கள் திறப்பது நின்றுவிட்டால், உள்நுழைந்தவர்களுக்கும் அந்த வைஃபை வெளி டிஎன்எஸ்ஸைத் தடுக்கிறது என்று பொருள், அங்கே தங்கும்வரை அதைத் தானியங்கியிலேயே விட்டுவிட வேண்டியதுதான்.