"70% தள்ளுபடி" உண்மையில் எத்தனை? பண்டிகை விற்பனைச் செய்தி ஒன்றைத் திருத்தி எழுதுவோம்

[திரையில்: கைபேசியில் ஒரு வாட்ஸ்அப் செய்தி]

"பண்டிகை அதிரடி! எல்லாத்துக்கும் 70% வரை தள்ளுபடி! இதைவிடக் கம்மியா எங்கயும் கிடைக்காது! இன்னைக்கு மட்டும்! உடனே வாங்க!"

ஒரு துணிக்கடைக்காரர் அவசரத்தில் தட்டி அனுப்பும் செய்தி இப்படித்தான் இருக்கும். இதை நேர்மையான செய்தியாக மாற்றுவோம். முதலில் பேனாவை எடுக்காதீர்கள், கடையின் பில் புத்தகத்தை எடுங்கள். அந்த 70 எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஒரு வரிகூட எழுத முடியாது.

[திரையில்: 50 + 20 = 70?]

கடைக்காரரைக் கேட்டால், "பாதி விலை போட்டிருக்கோம். மூணு எடுத்தா மேல ஒரு 20% குறைக்கிறோம். மொத்தம் 70" என்பார். அவர் ஏமாற்ற நினைக்கவில்லை, கூட்டிவிட்டார். ஆனால் தள்ளுபடிமேல் தள்ளுபடியைக் கூட்டக் கூடாது. சட்டையின் சீட்டில் 1000 என்று இருந்தால் பாதி போக 500. அடுத்த 20% அந்த 500-இல்தான் கழியும். அது 100. வாங்குபவர் கொடுப்பது 400. ஆக, தள்ளுபடி 60%தான். அதுவும் மூன்று எடுத்தவருக்கு மட்டும்.

[திரையில்: சீட்டில் 1000, பில்லில் 800]

இப்போது போன மாத பில்களைப் புரட்டுங்கள். அதே சட்டை 800-க்குப் போயிருக்கிறது. 1000 என்பது சீட்டில் இருந்த எண். அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை. அப்படியென்றால் ஒப்பிட வேண்டியது 800-உடன். ஒன்று எடுப்பவருக்கு 800-க்குப் பதில் 500, அதாவது 37.5% குறைவு. மூன்று எடுப்பவருக்குத் தலா 400, சரியாகப் பாதி. 70 என்று ஆரம்பித்த எண் 37-இல் வந்து நிற்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல் இதற்கென்றே ஒரு விதி உண்டு. விலைக் குறைப்பு என்று அறிவித்தால், அதற்கு முந்தைய குறைந்தது 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். உங்கள் ஊரில் சட்டம் எப்படி இருந்தாலும் இந்த அளவுகோல் கைக்கு உதவும். விற்பனைக்கு முந்தைய வாரம் விலையை ஏற்றிவிட்டுப் பிறகு இறக்கும் பழக்கம் இதில் உடனே மாட்டிக்கொள்ளும்.

இந்த இடத்தில் என் யோசனை, சதவீதத்தையே விட்டுவிடுங்கள். "800-க்கு வித்தது இப்போ 500" என்றால் யாருக்கும் கணக்குப் போடும் வேலை இல்லை. சதவீதம் வேண்டுமென்றால் 37 என்று போடுங்கள், 40 ஆக்காதீர்கள்.

மற்ற வரிகளுக்கு அதிக நேரம் வேண்டாம். "எல்லாத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே "வரை" என்றால் இரண்டும் மோதுகின்றன. எண்ணிப் பார்த்தால், பாதி விலை குழந்தைகள் சட்டையில் 18 டிசைனுக்கு மட்டும். அதை அப்படியே எழுதிவிடலாம். "இதைவிடக் கம்மியா எங்கயும் கிடைக்காது" என்பதை நிரூபிக்க எல்லாக் கடை விலையும் தினமும் கையில் இருக்க வேண்டும். இல்லை, அதனால் எடுத்துவிடுவோம். "இன்னைக்கு மட்டும்" என்ற செய்தி மூன்று நாளும் போவதாக இருந்தால், மூன்று நாளையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

நிபந்தனையை எங்கே வைப்பது? சலுகைக்கு ஒட்டியே, அதே வரியில். கீழே நட்சத்திரக் குறி போட்டு "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்றால், என்ன நிபந்தனை என்று பில் போடும் இடத்தில்தான் தெரியவரும். சண்டை அங்கேதான் வரும்.

[திரையில்: திருத்திய செய்தி]

"பண்டிகைக்குத் துணி எடுக்கணுமா? 800-க்கு வித்த குழந்தைகள் சட்டை, 18 டிசைன், இப்போ 500. அதுல மூணு எடுத்தா தலா 400. பெரியவங்க துணிக்கு 10% தள்ளுபடி. இந்த மாசம் வந்த புது டிசைனுக்குத் தள்ளுபடி இல்லை. வெள்ளி காலை 10 மணி முதல் ஞாயிறு இரவு 9 மணி வரை. சட்டை ஒவ்வொரு சைஸுக்கும் அஞ்சுதான் இருக்கு. 7 நாளுக்குள்ள பில்லோட வந்தா வேற துணி மாத்திக்கலாம்; பணமாத் திருப்பித் தர மாட்டோம்."

பேச்சு வழக்கு மாறவில்லை, அழைப்பும் இருக்கிறது. ஆச்சரியக்குறிகள்தான் காணவில்லை. "அஞ்சுதான் இருக்கு" என்பது உண்மையாக இருந்தால் அதைவிட நல்ல அவசரம் வேறில்லை. "ஸ்டாக் இருக்கும் வரை" என்ற பொத்தாம்பொதுவான சொல் அந்த வேலையைச் செய்யாது.

செய்தி அனுப்பியதோடு வேலை முடியவில்லை. சனிக்கிழமை மதியம் ஒரு சைஸ் தீர்ந்துவிட்டால், அதே குழுவில் உடனே இன்னொரு வரி போக வேண்டும்:

[திரையில்: "6 வயசு சைஸ் தீர்ந்துடுச்சு. 8, 10 வயசு சைஸ் இருக்கு."]