முலாம் தேய்ந்த தண்டும் மாற்ற மறந்த திருகாணியும்

கேள்வி: “சின்ன வயதிலிருந்து விலை குறைந்த தோடுகளைத்தான் போட்டு வந்தேன், ஒன்றும் ஆனதில்லை. இப்போது ஆறு மாதமாக எதைப் போட்டாலும் இரண்டாம் நாள் காது அரித்து நீர் வடிகிறது. ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்று அட்டையில் எழுதியிருந்ததை வாங்கியும் அதே கதைதான். எந்த உலோகத்தை நம்பி வாங்கலாம்?”

அரிப்பு இரண்டாம் நாள் தொடங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு முக்கியமான தடயம். கிருமித் தொற்றாக இருந்தால் வலியும் சூடும் முன்னால் நிற்கும், சீழ் மஞ்சளாகக் கட்டும், பெரும்பாலும் ஒரு காதோடு நின்றுவிடும். மலிவான நகைகளில் இருக்கும் நிக்கல் என்ற உலோகத்தால் வரும் ஒவ்வாமையில் அரிப்புதான் முதலில் வரும். பிறகு சிறு நீர்க்கொப்புளங்கள், கசிவு, காய்ந்த பொருக்கு என்று அது நகரும். வியர்வையில் உள்ள உப்பு உலோகத்திலிருந்து நிக்கலை மிக நுண்ணிய அளவில் கரைத்தெடுக்கிறது. கரைந்த நிக்கல் தோலுக்குள் புகுந்து அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும்போது, டி செல்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள் அதை அந்நியப் பொருளாக அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்கின்றன. அந்த நினைவு ஏற்பட்ட பிறகு நிக்கல் மீண்டும் தோலில் படும்போது, இந்த அணுக்கள் பெருகி அங்கே வந்து சேர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அதனால்தான் தோடு போட்ட அன்று காது அமைதியாக இருக்கிறது.

இத்தனை ஆண்டுகள் வராதது இப்போது ஏன் வந்தது என்பதற்கும் விடை அந்த நினைவில்தான் இருக்கிறது. ஒவ்வாமை பிறவியிலேயே அமைந்த ஒன்றன்று. நிக்கல் தோலில் பட்டுப் பட்டு ஒரு கட்டத்தில் உருவாவது. அது சிலருக்குச் சில வாரங்களில் உருவாகும், சிலருக்கு இருபது ஆண்டுகள் கழித்து உருவாகும், பலருக்கு உருவாகாமலே போகும். உருவாகிவிட்டால் பொதுவாக ஆயுள் முழுதும் நீடிக்கும் என்பதால், பழைய தோடுகள் முன்பு ஒத்துக்கொண்டன என்பதை இனி ஒரு சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது தோட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். விலை குறைந்த பொன்னிறத் தோட்டின் உடல் பெரும்பாலும் பித்தளையாக இருக்கும். பித்தளையிலுள்ள செம்பு மேலே ஏறிப் பொன்னிறத்தைக் கெடுக்காமலிருக்கவும், நல்ல பளபளப்புக் கிடைக்கவும் இடையில் ஒரு நிக்கல் பூச்சு கொடுப்பது முலாம் பூசுவோரின் வழக்கம். அதன்மேல் வரும் தங்கமோ, மலிவான வகைகளில், ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இருக்காது. தோட்டின் முகப்பில் அந்த முலாம் பல மாதம் நிற்கும். ஆனால் துளைக்குள் நுழைந்து வெளிவரும் தண்டிலும், திருகாணி உரசும் இடத்திலும் மிக விரைவில் தேய்ந்துவிடும். ஆக, தோலோடு ஈரமாக ஒட்டிக்கிடக்கும் பகுதியில்தான் நிக்கல் முதலில் வெளியே தெரிகிறது. புதுத்தோடு முதல் சில நாள் ஒத்துக்கொண்டு பிறகு கடிக்கத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்றால் ஒவ்வாமையைத் தூண்டும் வாய்ப்புக் குறைந்தது என்று பொருள்; ஆனால் அட்டையில் நீங்கள் பார்த்த அந்தச் சொல்லை நான் விளம்பரச் சொல்லாகவே எடுத்துக்கொள்வேன். பல நாடுகளில் அதற்குச் சட்டப்படியான வரையறை கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1994-இல் கொண்டுவந்த கட்டுப்பாட்டைத் தொடர்ந்து, துளைக்குள் செல்லும் தண்டு ஒரு வாரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கலை வெளியிடக் கூடாது என்ற வரம்பு இன்று நடைமுறையில் உள்ளது. உலோகத்தில் நிக்கல் எவ்வளவு இருக்கிறது என்று அல்ல, எவ்வளவு வெளியேறுகிறது என்றே அந்த விதி கேட்கிறது. சர்ஜிகல் ஸ்டீலில் நிக்கல் இருந்தும் அது ஏன் பலருக்கு ஒத்துக்கொள்கிறது என்ற குழப்பமும் இதனால் தீரும். அந்தப் பெயரில் விற்கும் 316 எல் எனப்படும் துருப்பிடிக்காத எஃகில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் மேல் நிக்கல் உண்டு. ஆயினும் அதன் மேற்பரப்பில் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம் அதைப் பெரும்பாலும் உள்ளேயே அடைத்து வைக்கிறது. பலருக்கு அது போதும். ஏற்கெனவே நீர் வடியும் காதுக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

என்னிடம் வந்த ஒரு பெண்ணின் கதையைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். அவர் டைட்டானியம் தோட்டுக்கு மாறி இரண்டு மாதம் ஆகியும் புண் ஆறவில்லை என்றார். காது மடலின் முன்பக்கம் சுத்தமாக இருந்தது. பின்பக்கத்தில் மட்டும் ஒரு பட்டாணி அளவுக்குச் சிவந்து கசிந்துகொண்டிருந்தது. தோட்டைக் கழற்றச் சொன்னேன். தண்டு புதியது, ஆனால் திருகாணி பழைய தோட்டினுடையது. புதியது தொலைந்துபோனதால் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார். நிக்கல் பட்டால் இளஞ்சிவப்பாக மாறும் டைமெத்தில் கிளையாக்சைம் கரைசலில் இரண்டு சொட்டும் அம்மோனியாக் கரைசலில் இரண்டு சொட்டும் பஞ்சுக்குச்சியில் விட்டுத் தண்டில் அரை நிமிடம் தேய்த்தோம்; நிறம் மாறவில்லை. வேறொரு குச்சியால் திருகாணியின் உட்புறத்தைத் தேய்த்தபோது பஞ்சு பளிச்சென்று இளஞ்சிவப்பானது. திருகாணியை மாற்றி, மருந்துக் களிம்பையும் சில நாள் பூசியதில் மூன்று வாரத்தில் தோல் காய்ந்தது.

இந்தச் சோதனைக்கான கரைசல் சிறு புட்டிகளில் கிடைக்கிறது, வீட்டிலேயே செய்யலாம்; காதிலிருக்கும் நகையில் செய்யாமல், கழற்றிச் செய்து, பிறகு கழுவிவிட வேண்டும். ஒரு குறையும் இதில் உண்டு. முலாம் தேயாத புதுத்தோட்டில் நிறம் வராமல் போகலாம். அதே தோடு ஒரு மாதம் கழித்து இளஞ்சிவப்புக் காட்டும். காந்தம் ஒட்டாவிட்டால் நிக்கல் இல்லை என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம், நிக்கல் கலந்த எஃகின் பல வகைகள் காந்தத்தில் ஒட்டுவதில்லை. நகப்பூச்சைத் தண்டில் தடவும் வழக்கமும் உரசலில் உரிந்துபோகும் ஒரு தற்காலிக ஏற்பாடுதான்.

வாங்குவதற்கு என் முதல் தேர்வு, உடலுக்குள் பொருத்தும் தரத்திலான டைட்டானியம், ஏ.எஸ்.டி.எம். எஃப் 136 என்ற தரக்குறியைக் கேட்டு வாங்குங்கள். நயோபியமும் பிளாட்டினமும் அதே அளவுக்கு நம்பத்தக்கவை. தங்கம்தான் வேண்டுமென்றால் 22 காரட் மஞ்சள் தங்கம் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், ஏனெனில் அதில் கலப்பது வழக்கமாக வெள்ளியும் செம்பும். வெள்ளைத் தங்கத்தில் கவனம் தேவை: அந்த வெண்மைக்காகவே நிக்கல் சேர்க்கும் வகைகள் உண்டு, பல்லேடியம் சேர்த்ததா என்று கேட்க வேண்டும். வெள்ளியில் 92.5 தரம் நல்லதுதான். அதற்கு மேலே ரோடியம் பூசியிருந்தால் அடியில் நிக்கல் பூச்சு இருக்கிறதா என்றும் கேளுங்கள். ‘ஜெர்மன் சில்வர்’ என்பதில் வெள்ளியே கிடையாது, அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை.

முதலில் இப்போது போட்டிருப்பவற்றைக் கழற்றிவிட்டுப் புண் ஆறும்வரை காதைக் காலியாக விடுங்கள். கசிவு நிற்காவிட்டால் ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் அளவு சொல்லித் தரட்டும், நீங்களாக வாங்கிப் பூச வேண்டாம். ஆறிய பிறகு முதுகில் ஒட்டுச் சோதனை செய்துகொள்வது நல்லது. நிக்கல் சல்பேட் தடவிய சிறு பட்டையை 48 மணி நேரம் ஒட்டிவைத்து, எடுத்த அன்றும் அதன்பின் ஓரிரு நாள் கழித்தும் பார்ப்பார்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாமல் இரண்டாம் முறை தெரிவதும் உண்டு என்பதால், அந்த இரண்டாம் வருகையைத் தவறவிடாதீர்கள்.