சுவரில் இல்லாத மணிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது கொழிஞ்சாம்பாறை. வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு. டீக்கடை பெஞ்சில் ஒருவர் தமிழில் கேட்பார், மற்றவர் மலையாளத்தில் பதில் சொல்வார். இருவருக்கும் அது வித்தியாசமாகத் தோன்றாது. பல ஆண்டுகள் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு அங்கே ஓய்வாக இருக்கிறேன். சென்ற கோடையில் வீட்டின் பின்கட்டில் ஓர் அறை எழுப்பினோம். அந்த அறையின் சுவரில் எனக்கும் கொத்தனாருக்கும் நடந்த ஒரு வாக்குவாதம்தான் இன்றைய பேச்சு.

சிமென்ட் பூச்சு காய்ந்திருந்தது. வெள்ளை அடிக்கவில்லை. மாலை வெளிச்சம் மங்கிய நேரத்தில் கொத்தனார் லேசர் மட்டத்தை முக்காலியில் வைத்தார். தூக்குக்குண்டும் ரசமட்டமும் பழகிய கை அது. இந்தக் கருவியை வாங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. சுவரில் சிவப்புக் கோடு ஒன்று விழுந்தது. அது வெறும் கோடாக இல்லை. உள்ளே மணி மணியாக, சிவப்பும் கறுப்புமாக, யாரோ சர்க்கரையைத் தூவியதுபோல மினுமினுத்தது.

"மணலில் காக்காப்பொன் இருக்கிறது சார், அதுதான் மின்னுகிறது" என்றார் அவர்.

நல்ல ஊகம். அதைச் சோதிப்பதும் எளிது. மிகவும் பளிச்சென்று தெரிந்த ஒரு மணியைப் பென்சிலால் வட்டமிடச் சொன்னேன். அவர் சுவருக்குப் பக்கத்தில் போனார். போவதற்குள் அந்த மணி காணாமல் போயிருந்தது. பிறகு அவர் இருந்த இடத்திலிருந்தே சொல்ல, நான் போய் வட்டமிட முயன்றேன். அவர் "இதோ" என்று காட்டிய இடத்தில் எனக்கு இருட்டுப் புள்ளிதான் தெரிந்தது. காக்காப்பொன் துணுக்காக இருந்தால் அது சுவரில் ஓரிடத்தில் இருக்கும். டார்ச் அடித்தாலும் அங்கேயே மின்னும். டார்ச் வெளிச்சத்தில் அந்தச் சுவர் வெறும் சாம்பல் நிறம்.

ஆங்கிலத்தில் இதற்கு ஸ்பெக்கிள் என்று பெயர். நான் மணிகள் என்றே சொல்கிறேன். இந்த மணிகள் சுவரில் இல்லை. பார்ப்பவரின் கண்ணுக்குள்தான் உருவாகின்றன.

சிவப்பு லேசரின் அலைநீளம் ஏறத்தாழ 650 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் கனத்தில் இப்படிப்பட்ட அலைகள் நூறு அடங்கும். அந்த அளவோடு ஒப்பிட்டால் நம் சிமென்ட் பூச்சு மலையும் பள்ளத்தாக்குமாகக் கிடக்கிறது. ஒவ்வொரு மேட்டிலும் ஒவ்வொரு குழியிலும் பட்டுத் திரும்பும் ஒளி, வெவ்வேறு தூரம் நடந்து கண்ணுக்கு வருகிறது. குளத்தில் பல கற்களை ஒன்றாக எறிந்தால், சில இடங்களில் அலைமுகடுகள் சேர்ந்து எழும்பும். சில இடங்களில் முகடும் குழியும் சந்தித்து நீர் அசையாமல் நிற்கும். ஒளியும் அப்படியே. சேர்ந்தால் மணி, அழிந்தால் இருட்டு. டார்ச்சிலிருந்து வரும் ஒளியில் பல நிற அலைகள் உண்டு. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கோலம் போட, எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சமமாகிவிடுகிறது. லேசரில் ஒரே நிறம், ஒரே தாளம். அதனால் கோலம் அழியாமல் நிற்கிறது.

இதை லேசருக்கு முன்பே கண்டவர்கள் உண்டு. எறணாகுளத்தில் பிறந்த ஜி. என். ராமச்சந்திரன், பிற்காலத்தில் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பைக் கண்டு சொன்னவர், 1943இல் பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் மாணவராக இருந்தபோது இதே நிகழ்வை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். லைகோபோடியம் என்னும் நுண்ணிய வித்துத்தூளைக் கண்ணாடியில் தூவி, அதன் வழியே வரும் ஒளிவட்டத்தில் வெளிச்சம் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்தார். முதல் லேசர் எரிந்தது 1960இல். நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பதினேழு ஆண்டுகள் முன்பே இந்த மணிகளுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

சரி, நகர்ந்தால் ஏன் மாறுகிறது? ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். காகிதம் வேண்டாம், கேட்டாலே போதும்.

சுவரிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். கண்பாவையின் அகலம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு சிறிய துளை வழியாகப் பார்க்கும்போது, சுவரில் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டருக்கும் நெருக்கமாக உள்ள இரண்டு புள்ளிகளைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. கடுகைவிடச் சிறிய அந்த வட்டத்துக்குள் இருக்கும் மேடுபள்ளம் அத்தனையிலிருந்தும் வரும் ஒளி விழித்திரையில் ஒரே இடத்தில் வந்து கலக்கிறது. அந்தக் கலப்பின் முடிவுதான் ஒரு மணி. சுவரில் ஒரு மணி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டராகத் தெரிவது இதனால்தான்.

இப்போது தலையை 3 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்துங்கள். அந்தச் சிறு வட்டத்தின் இடது ஓரத்திலிருந்தும் வலது ஓரத்திலிருந்தும் கண்ணுக்கு உள்ள தூரங்களின் வித்தியாசம் சற்றே மாறுகிறது. எவ்வளவு? 0.9ஐ மூன்றால் பெருக்கி, நான்கு மீட்டரான 4000 மில்லிமீட்டரால் வகுத்தால் கிட்டத்தட்ட 0.00067 மில்லிமீட்டர் வரும். அது ஏறத்தாழ 650 நானோமீட்டர்தான், அதாவது ஓர் அலைநீளம். முகடும் முகடும் கூடிய இடத்தில் பழைய உறவு எதுவும் மிச்சமில்லை. ஆக, கண்பாவையின் அகலம் அளவுக்குத் தலை நகர்ந்தால் முழுக் கோலமும் புதிதாகிவிடுகிறது. மூச்சு விடும்போது உடல் அசைகிறதே, அதுவே போதும். மணிகள் மினுமினுப்பது அதனால்.

வீட்டில் இதைச் சரிபார்க்க ஒரு வழி: அட்டையில் ஊசியால் ஒரு மில்லிமீட்டர் துளையிட்டு அதன் வழியே பாருங்கள். மணிகள் மூன்று மடங்கு பருத்துத் தெரியும். சுவர் அதேதான், லேசர் அதேதான். துளை மட்டும் சிறுத்தது.

இனி வாக்குவாதத்துக்கு வருகிறேன். மறுநாள் கையடக்க லேசர் ஒன்றையும், 10 சென்டிமீட்டர் குவியத்தூரம் கொண்ட ஒரு பூதக்கண்ணாடியையும் எடுத்துவந்தேன். லேசர் முன்னால் அந்தக் கண்ணாடியை வைத்தால், நான்கு மீட்டர் தூரத்தில் ஒளி உள்ளங்கை அகலத்துக்கு விரியும். ஒரு வார்த்தை: சிறிய, 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத லேசராக இருக்கட்டும். கண்ணுக்கு நேராகவோ, நிலைக்கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம், பளபளக்கும் டைல்ஸ் மீதோ காட்டவே கூடாது. கரடுமுரடான சுவர் மட்டும்.

இருவரும் சுவரைப் பார்த்துத் தலையை மெல்ல வலப்பக்கம் அசைத்தோம். "மணிகள் இடப்பக்கம் ஓடுகின்றன" என்றார் அவர். எனக்கு அவை வலப்பக்கம் போயின. மீண்டும் பார்த்தோம். அவருக்கு இடம், எனக்கு வலம். என்னை அவர் கொஞ்சம் சந்தேகமாகவே பார்த்தார்.

இரண்டும் உண்மை. கண் எந்தத் தூரத்தில் குவிந்திருக்கிறதோ, அந்தத் தூரத்தில் தொங்குவதுபோலத்தான் மணிகள் தெரியும். பஸ் ஜன்னலில் உட்கார்ந்து போகும்போது, பக்கத்துப் பனைமரம் தூரத்து மலையை ஒப்பிட்டால் எதிர்த்திசையில் ஓடுகிறது. மலையைத் தாண்டியிருக்கும் நிலா நம்மோடு கூடவே வருகிறது. கிட்டப்பார்வை உள்ளவரின் கண் சுவருக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. அவருக்கு மணிகள் பனைமரம். தூரப்பார்வை உள்ள கண்ணின் குவியம் சுவருக்குப் பின்னால். அவருக்கு மணிகள் நிலா. நான் அறுபதைக் கடந்த தூரப்பார்வைக்காரன்.

மைனஸ் 1 பவர் தேவைப்படும் கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது தெளிவாகப் பார்க்கும் கடைசித் தூரம் ஒரு மீட்டர். சுவர் நான்கு மீட்டரில். தலை 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் மணி சுவரில் 3 மில்லிமீட்டர் எதிர்ப்பக்கம் போகும். ஒரு மணியின் ஆயுள் தலை 3 மில்லிமீட்டர் நகரும் வரைதான் என்று பார்த்தோம். அந்தக் குறுகிய ஆயுளுக்குள் அது தன் அகலத்தைப்போலப் பல மடங்கு தூரம் ஓடிவிடுகிறது. அதனால் கூட்டமே ஓடுவதாகத் தெரிகிறது. கண் சரியாகச் சுவரிலேயே குவிந்திருந்தால் மணிகளுக்கு ஓட இடமில்லை. நின்ற இடத்திலேயே தோன்றி மறையும், உலையில் அரிசி கொதிப்பதுபோல.

இன்னொரு விந்தையும் உண்டு. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் சுவரிலுள்ள பென்சில் கோடு மங்கும், மணிகள் மங்காது. அவை சுவரின் உருவம் அல்ல அல்லவா? குவியம் எங்கே விழுந்தாலும் அங்கே ஒரு கூர்மையான கோலம் காத்திருக்கும்.

இதைக் கொண்டு கண்ணாடி வாங்கிவிட வேண்டாம். நம் கண் பொதுவாக மஞ்சள் பச்சை ஒளிக்குத்தான் சரியாகக் குவியும். சிவப்பு சற்றே பின்னால் போய்க் குவிகிறது. அதனால் நல்ல கண்ணுக்கும் சிவப்பு லேசரில் மணிகள் மெல்லக் கூடவே நகரலாம். சிறுவர்களின் கண் தன்னையறியாமல் குவியத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். தூரப்பார்வை இருந்தாலும் அதை மறைத்துவிடும். பக்கவாட்டில் ஒரு மாதிரியும், தலையை மேலும் கீழுமாக அசைத்தால் வேறு மாதிரியும் மணிகள் போனால், விழிப்படலத்தின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லை என்று பொருள். அளந்து பவர் எழுத வேண்டியவர் கண் பரிசோதகர்தான்.

கொத்தனாரிடம் அதையே சொன்னேன். தூரத்து பஸ்ஸின் பலகையைப் படிக்க முடியாமல் பல மாதங்களாகக் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்ததாக அப்போதுதான் சொன்னார். பத்து நாள் கழித்து வெள்ளையடிக்கும் வேலைக்கு வந்தபோது மூக்கில் புதுக் கண்ணாடி. இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 1.

தூரிகையை எடுப்பதற்கு முன் லேசரைக் கேட்டு வாங்கினார். பூதக்கண்ணாடியை நான் பிடித்துக்கொண்டேன். சுவரைப் பார்த்தபடி தலையை இடமும் வலமுமாக மெல்ல அசைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி அசைத்தார். மீண்டும் மாட்டிக்கொண்டார்.

"இப்போது ஓடவில்லை சார்," என்றார், "கொதிக்கிறது."