32 வயசில எல்லாரும் செத்துப் போனாங்களா?

(களுவாஞ்சிக்குடியில ஒரு வாசிகசாலை மண்டபத்தில பேசினது. பேசின மாதிரியே விட்டிரிக்கன், போர்டில எழுதின கணக்க மட்டும் கொஞ்சம் விரிச்சு எழுதியிரிக்கன்.)

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். நேரா விசயத்துக்கு வாறன். 1920–22ல இலங்கைக்கு ஒரு ஆயுள் அட்டவணை போட்டாங்க, அதில பிறக்கிற ஆம்பிளைப் பிள்ளைக்கு ஆயுள் எதிர்பார்ப்பு 32.7 வருஷம், பொம்பிளைப் பிள்ளைக்கு 30.7. இந்த எண்ணப் பார்த்துட்டு ஆக்கள் பேஸ்புக்கில எழுதுறாங்க, "அந்தக் காலத்தில 30 வயசெண்டாலே கிழவன்தான்" எண்டு. அப்ப கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் மரைக்கார் எல்லாம் யாரு, 25 வயசுப் பொடியன்களா? நம்மட வீடுகள்ள சுவரில தொங்குற அந்தப் பழைய போட்டோவில நரைச்ச கொண்டையோட இரிக்கிற அப்பாச்சி யாரு? எண்ணும் பொய்யில்ல, அப்பாச்சியும் பொய்யில்ல. அந்த எண் எப்பிடி வருதெண்டு ஒருக்கா கையால போட்டுப் பார்த்தாத்தான் விளங்கும்.

முதல்ல ஒண்டு. ஆயுள் எதிர்பார்ப்புங்கிறது அந்த வருஷம் செத்த ஆக்கள்ட வயசக் கூட்டி வகுத்த எவரேஜ் இல்ல. அப்பிடிச் செய்தா நிறையப் பிள்ளைகள் இரிக்கிற ஊரில எண் சும்மாவே குறைஞ்சிரும், ஏனெண்டா சாகிறதுக்கு அங்க கிழவங்களே குறைவு. அதால ஒவ்வொரு வயசுக்கும் தனித்தனியா பாக்கிறது. 60க்கும் 65க்கும் இடையில ஒரு மாவட்டத்தில 10,000 பேர் எண்டு வைங்க, வருஷத்தில அந்த வயசில 200 பேர் மௌத்தாப் போறாங்க. இறப்பு வீதம் 0.02. இப்ப கேள்வி என்னெண்டா, 60 வயசத் தொட்ட ஒரு ஆள் 65க்கு முதல் போறதுக்கு எவ்வளவு சான்ஸ்? அஞ்சு வருஷம் தானே, அஞ்சால பெருக்கினா நூற்றுக்கு 10 எண்டு சொல்லத் தோணும். ஆனா அந்த 10,000ங்கிறது வருஷத்து நடுவில உயிரோட இரிந்த ஆக்கள்ட கணக்கு, 60ல தொடங்கின ஆக்கள்ட கணக்கில்ல, இடையில போனவங்க அதில இல்ல. அதத் திருத்தத்தான் இந்தச் சூத்திரம், m எண்டது இறப்பு வீதம், q எண்டது 65க்கு முதல் போற சான்ஸ்:

```
q = 5m / (1 + 2.5m)
```

m இடத்தில 0.02 போட்டா 0.1ஐ 1.05ஆல வகுக்கிறம், நூற்றுக்கு 9.5 வரும். சின்ன வித்தியாசம்தான், ஆனா வயசு ஏற ஏற இது பெருசாகும். இப்பிடி எல்லா வயசுக்கும் சான்ஸ எடுத்துட்டு, மறுகா கற்பனையா ஒரு கூட்டம் பிள்ளைகள ஒரே நாளில பிறக்கவச்சு, ஒவ்வொரு வயசிலயும் அந்தச் சான்ஸ்படி குறைச்சுக்கொண்டு போறது. அதுதான் டேபிள். வழமையா ஒரு லட்சம் பிள்ளையில தொடங்குவாங்க, நான் போர்டுக்காக 1000ல தொடங்குறன். எண்கள் நானாப் போட்டது, அந்தக் காலத்து மாதிரி, எந்த ஊருட உண்மைக் கணக்கும் இல்ல.

1000 பிள்ளை பிறக்குது. முதல் வருஷத்துக்குள்ள 200 போகுது. மிச்சம் 800ல 5 வயசுக்கு முதல் இன்னும் 100 போகுது, மலேரியா, வயிற்றோட்டம், சின்னமுத்து, இப்பிடி. 5 வயசுக்கு வாறது 700. 20 வயசுக்கு 650 வரும், 40க்கு 520, 60க்கு 340, 80க்கு 60. அந்தக் கடைசி 60 பேரும் ஆளுக்கு சராசரி இன்னும் 5 வருஷம் இரிந்தாங்க எண்டு வச்சுக்குவம்.

இப்ப எல்லாரும் வாழ்ந்த வருஷங்களக் கூட்டணும். முதல் வருஷத்தில தப்பின 800 பேரும் ஆளுக்கு ஒரு வருஷம், செத்த 200உம் சராசரி கால் வருஷம் எண்டா 50, மொத்தம் 850. அரை வருஷம் எண்டு போடக்கூடாது, ஏனெண்டா கைக்குழந்தைகள் சாகிறது அநேகமா முதல் மாசங்கள்ளயே, முதல் கிழமையிலயே கனக்க. 1இல இரிந்து 5 வரைக்கும், 700 பேர் நாலு வருஷம் முழுசா, 2800, செத்த 100 பேர் ஒண்டரை வருஷப்படி 150, கூட்டினா 2950. 5இல இரிந்து 20 வரைக்கும் 10,125. 5 வயசுக்குப் பிறகு செத்த ஆக்களுக்கு அந்தந்தக் காலத்தில பாதியப் போட்டாப் போதும். 20–40க்கு 11,700, 40–60க்கு 8,600, 60–80க்கு 4,000, 80க்கு மேல 300. எல்லாத்தையும் கூட்டினா 38,525 வருஷம். அத 1000 பிள்ளைக்குப் பிரிச்சா ஆளுக்கு 38.5. இதுதான் பேப்பரில வாற எண்.

இப்ப பாருங்க, இந்த டேபிள்ல 35க்கும் 40க்கும் இடையில எத்தின பேர் சாகிறாங்க? கிட்டத்தட்ட 32 பேர், ஆயிரத்தில. 38 வயசில சாகிறதுதான் இந்த ஊரில ஆகக் குறைஞ்ச விசயங்கள்ள ஒண்டு. கிரிக்கெட் பாக்கிறவங்களுக்கு இது தெரியும், ஓப்பனர் ஒருத்தர் எவரேஜ் 38 எண்டா அவர் ஒவ்வொரு மெட்சிலயும் 38ல அவுட்டாகிறார் எண்டு இல்ல, கனக்க டக் அடிப்பார், செட் ஆனா 70 போவார்.

அதே கூட்டல்ல கீழ இரிந்து பார்த்தா வேற கதை. 5 வயசத் தாண்டின 700 பேருக்கும் மிச்சம் இரிக்கிற வருஷம் 34,725, ஆளுக்கு 49.6. அதாவது சராசரி 54 கடந்து போவாங்க. 20 வயசுக்காரனுக்கு இன்னும் 37.8, அவன் 57 தாண்டுவான். 60 வயசுக்காரருக்கு இன்னும் 12.6, அவர் 72 தாண்டுவார். இன்னொண்டு சொல்றன், நம்ப மாட்டீங்க, ஒரு வயசுப் பிள்ளைக்கு மிச்சம் 47.1 வருஷம், இப்பதான் பிறந்த பிள்ளைக்கு 38.5. ஒரு வருஷத்த வாழ்ந்து முடிச்ச பிறகு மிச்சம் கூடுது!

சரி, இப்ப நான் ஒரு வேல செய்றன். 5 வயசுக்கு மேல சாகிற சான்ஸ் ஒண்டையும் தொடமாட்டன். மிட்வைஃப் வாறா, தடுப்பூசி வருது, மலேரியாவுக்கு டீடீடீ அடிக்கிறாங்க, முதல் வருஷச் சாவு 200ல இரிந்து 20 ஆகுது, 5க்குள்ள இன்னும் 10 மட்டும் போகுது. இப்ப 5 வயசுக்கு வாறது 970. அவங்களுக்கு அதே பழைய 49.6 தான். திரும்பக் கூட்டினா ஆயுள் எதிர்பார்ப்பு 53. 38.5ல இரிந்து 53, பதினாலரை வருஷம் கூடிட்டு, ஆனா வளர்ந்த ஒருத்தருக்காவது ஒரு நாள் கூடல. "மனுசன்ட ஆயுள் பதினாலு வருஷம் நீண்டுட்டு" எண்டு தலையங்கம் போட்டா யாருக்கு நீண்டது எண்டு கேக்கணும்.

ஆனா மற்றப் பக்கம் சாய்ஞ்சிரவும் வேணாம். இதக் கேட்ட உடனே சில ஆக்கள் சொல்லுவாங்க, "அப்ப சின்ன வயசு தாண்டினவங்க அப்பவும் இப்ப மாதிரித்தான் வாழ்ந்திரிக்காங்க, நாட்டு மருந்து, தினைச் சோறு" எண்டு. இல்ல. அந்த டேபிள்ல 20 வயசில 650 பேர், அதில 60க்கு வந்தது 340, பாதிக்குக் கொஞ்சம் மேல. வளர்ந்த ஆக்களும் நிறையப் போனாங்க. முதல்ல சொன்ன 1920 எண்ணத் திரும்பப் பாருங்க, பொம்பிளைக்கு ஆம்பிளைய விட ரெண்டு வருஷம் குறைவு. இப்ப உலகம் முழுக்க பொம்பிளைகள்தான் கூட வாழ்றாங்க, இலங்கையிலயும்தான். அப்ப தலைகீழா இரிந்ததுக்கு ஒரு பெரிய காரணம் பிள்ளைப்பேறு, வீட்டில குழந்தை பெத்து ரத்தம் போய்ச் செத்த இளம் தாய்மார். 1960கள் வரைக்கும் அந்தக் கணக்கு நேராகல. அது பிள்ளைகள்ட சாவில்ல, வளர்ந்த ஆக்கள்ட சாவு.

இன்னொரு பிசகும் இரிக்கு. அந்தக் கற்பனைப் பிள்ளை ஒரே ஒரு வருஷத்துச் சான்ஸ்களோட முழு ஆயுளையும் வாழுது. 2004 டிசம்பர் 26 நமக்குத் தெரியும். அம்பாறை மாவட்டத்தில மட்டும் பத்தாயிரத்துக்கு மேல போயிற்று, சனத்தொகை கிட்டத்தட்ட ஆறு லட்சம். அந்த வருஷத்துக்கு மட்டும் அம்பாறைக்கு டேபிள் போட்டா, அந்தச் சாவ எல்லா வயசுக்கும் ஒரே மாதிரிப் பிரிச்சு நான் தோராயமாப் போட்டுப் பார்த்தன், 70 தாண்டின எண் 42 கிட்ட இறங்குது. ஏனெண்டா டேபிள் அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு வருஷமும் சுனாமி அடிக்கும் எண்டு நினைக்குது. அடுத்த வருஷம் போட்டா எண் திரும்ப ஏறும். மருதமுனையிலயோ கல்முனையிலயோ தப்பின ஒரு ஆளுட மிச்ச ஆயுள் அந்த எண்ணால கூடவும் இல்ல, குறையவும் இல்ல.

டேபிளுக்குள்ள போற கணக்கும் சுத்தமா இரிக்கணும். பிறந்து ரெண்டு நாளில போன பிள்ளைக்கு பிறப்பும் பதியல, இறப்பும் பதியல எண்டா அந்தப் பிள்ளை டேபிள்ல பிறக்கவே இல்ல, எண் சும்மா கூடித் தெரியும். மறுபக்கம் வயசு. நம்மட பழைய ஆக்கள்ட்ட கேட்டா "78 சூறாவளி அடிக்கக்குள்ள எனக்கு ஒரு முப்பது இரிக்கும்" எண்டுவாங்க. அப்பிடித்தான் குடிசன மதிப்பீட்டில 60, 65, 70 மாதிரி 0லயும் 5லயும் முடியிற வயசுகள்ள ஆக்கள் குவிஞ்சு நிப்பாங்க, 61லயும் 69லயும் ஆளே இல்ல. அந்த மேடு பள்ளத்தப் பார்த்தாலே வயசு ஊகம் எண்டு பிடிச்சிரலாம். அதால கிழவங்கட கணக்குத்தான் டேபிள்ல ஆகப் பலவீனமான இடம்.

கடைசியா முன் வரிசையில இரிந்த ஒரு அங்கிள் எழும்பிக் கேட்டாரு, "தம்பி, இப்ப இலங்கையில 77 எண்டு சொல்றாங்க, எனக்கு 68, அப்ப இன்னும் ஒம்பது வருஷம்தானே, பென்ஷன் காசில வீட்ட மேல தட்டு கட்டுறதா விடுறதா?" எண்டு. (எல்லாரும் சிரிச்சிட்டாங்க.) அங்கிள், அப்பிடிக் கழிக்கக் கூடாது. நம்மட டேபிள்ல அப்பிடிக் கழிச்சா 60 வயசுக்காரருக்கு 38.5 கழிய 60, மைனஸ் 21.5, அவர் எப்பவோ செத்திரிக்கணும், ஆனா அவருக்கு 12.6 மிச்சம் இரிக்கு. 77ங்கிற எண்ணுக்குள்ள தொட்டில்ல போன பிள்ளையும் இரிக்கு, 25ல மோட்டர்சைக்கிள்ல போன பொடியனும் இரிக்கான், 55ல ஹார்ட் அட்டாக்கில போனவரும் இரிக்காரு. நீங்க அவங்க எல்லாரையும் தாண்டி வந்துட்டீங்க, உங்கட கூட்டத்தில இனி அவங்க இல்ல. எந்த டேபிள்ல பார்த்தாலும் வயசையும் மிச்சத்தையும் கூட்டின எண் ஏறுமே தவிர இறங்காது. அதால ஒம்பத விடக் கூடத்தான் வரும், அதுவும் எவரேஜ்தான், உங்கட வயசுக்காரர் கொஞ்சப் பேர் ரெண்டு வருஷத்தில போவாங்க, கொஞ்சப் பேர் 95 காண்பாங்க. டேபிள எடுத்தீங்க எண்டா மேல இரிக்கிற முதல் வரியப் பாக்காதீங்க, 68க்கு நேரா இரிக்கிற வரியில கடைசிக் கட்டத்தப் பாருங்க. ஆம்பிளைக்கும் பொம்பிளைக்கும் தனித்தனி டேபிள் இரிக்கும், பக்கம் மாறி ஆன்ட்டிட எண்ணப் பார்த்துட்டு மேல தட்டு கட்டிராதீங்க.