307 பேர் எங்கே இறந்தார்கள்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வருகை தந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, மூதூரிலிருந்து கடல் கடந்து வந்திருக்கும் மௌலவி அவர்களே, அருட்தந்தை அவர்களே, ஓய்வுபெற்ற அதிபர்களே, கிண்ணியா, தம்பலகாமம், நிலாவெளி நூலகங்களின் பொறுப்பாளர்களே, அன்பான வாசகர்களே, எல்லோருக்கும் வணக்கம். மௌலவி அவர்கள் சென்ற கூட்டத்திலும் முதல் ஆளாக வந்து இருந்தார்கள். அதற்குத் தனியாக நன்றி சொல்லாமல் நான் தொடங்க முடியாது.

செவ்விதாக்கம் முடிந்த பிறகு மூலத்தோடு ஒப்புநோக்குவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று விடயங்களைச் சொல்லலாம் என்று வந்தேன். ஒன்று எண்கள், இரண்டு ஐயத்தைக் காட்டும் சொற்கள், மூன்று படங்களுக்குக் கீழே போடும் குறிப்புகள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நம்முடைய மலர்களில் பெரும்பாலானவை சிதறுவது திருவிழாவுக்கு முந்திய கிழமையில்தான்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஒழுங்கையில் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பெயர் சொன்னால் கோபிப்பார். ஒரு நிறுவனத்தின் ஆண்டு மலருக்கு, 1942ஆம் ஆண்டுக் குண்டுவீச்சைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். மனிதர் ஒரு மாதம் எடுத்தார். மேசை நிறையப் புத்தகம், தட்டில் ஆறிப்போன தேத்தண்ணி, காதில் பென்சில். அவருடைய மனைவி, "இந்த யுத்தம் எப்ப முடியும்?" என்று கேட்கும் அளவுக்கு வீடு முழுக்கத் தாள். கடைசியில் எழுதிக் கொடுத்த பகுதி இது. மெதுவாக வாசிக்கிறேன், கேளுங்கள்.

"1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. தாக்குதல் வரக்கூடும் என்ற எச்சரிக்கை கிடைத்ததால், ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் முதல் நாளே துறைமுகத்தை விட்டுத் தெற்கே போயிருந்தது. அது திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதிலிருந்த 307 பேர் இறந்தனர். அப்போது கப்பலில் அதன் விமானங்கள் இருக்கவில்லை. சீனக்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மீது ஜப்பானிய விமானம் ஒன்று வேண்டுமென்றே மோதியதாக ஊரில் சொல்லப்படுகிறது."

மலர்க்குழுவில் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர் இதைச் சுருக்கினார். இடம் போதாது, அரைப் பக்கம்தான். அச்சுக்குப் போனது இது:

"1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியதில் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கி 307 பேர் இறந்தனர். ஜப்பானிய விமானம் ஒன்று எண்ணெய்த் தாங்கி மீது வேண்டுமென்றே மோதியது."

அழகான வசனம். எழுத்துப்பிழை இல்லை. திகதி சரி, 307 சரி, கப்பலின் பெயர் சரி. ஆனால் மட்டக்களப்பிலிருந்து விருந்தினராக வந்தவர் ஒருவர் மேடையிலேயே மலரைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "அந்தக் கப்பல் எங்கட கல்லடிக்கு அங்கால கடலுக்கடியில கிடக்குது. நீங்க அதை எப்ப திருகோணமலைக்குக் கொண்டு வந்தனீங்கள்?" எங்கள் ஆசிரியர் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கும் நிற்கவில்லை. ஒரு மாத உழைப்பு அவருடைய பெயரிலேயே பொய்யாகிப் போனது.

எண் ஒன்றும் மாறவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. 307 அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த எண் யாருடையது என்பது மாறிவிட்டது. மூலத்தில் அது கடலில் ஒரு கப்பலில் இறந்தவர்களின் தொகை. சுருக்கத்தில் அது திருகோணமலைத் தாக்குதலில் இறந்தவர்களின் தொகை. இரண்டு வசனங்களை "தாக்கியதில்" என்ற ஒரே சொல்லால் ஒட்டியதும் இடம் போனது, முதல் நாள் கிடைத்த எச்சரிக்கை போனது, கப்பலில் விமானம் இல்லாததும் போனது. தன்னைக் காக்க விமானமில்லாமல் அகப்பட்ட கப்பல் என்ற முழுச் செய்தியும் அதோடு போய்விட்டது.

ஆகவே எண்ணைச் சரிபார்ப்பது என்றால் இலக்கத்தைச் சரிபார்ப்பது மட்டும் இல்லை. ஒவ்வொரு எண்ணிடமும் நான்கு கேள்வி கேளுங்கள்: எதை எண்ணியது, எங்கே, எப்போது, சரியாகவா ஏறத்தாழவா. மூலத்திலும் திருத்தியதிலும் நான்குக்கும் ஒரே பதில் வந்தால்தான் அந்த எண் தப்பியது. கணினியில் இரண்டு பிரதிகளை ஒப்பிட்டால் மாற்றங்களை நிறம் போட்டுக் காட்டும். நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் அது எழுத்தைத்தான் பார்க்கும். 307 மாறாததால் அதற்கு நிறம் விழாது. கண்ணும் அதைத் தாண்டிப் போய்விடும்.

இரண்டாவது, "சொல்லப்படுகிறது". ஆசிரியர் தெரிந்தே வைத்த சொல் அது. ஊர்க்கதைக்கும் உறுதியான செய்திக்கும் நடுவே அவர் கட்டிய வேலி. இரண்டு சொல் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை எடுத்தவர், அந்த விமானியின் மனதை நேரில் கண்டவராகிவிட்டார். "கூடும்", "ஏறத்தாழ", "குறைந்தது", "மட்டும்", "பெரும்பாலும்" போன்றவற்றுக்கு மூலத்தில் வட்டம் போடுங்கள். திருத்திய பிறகு ஒவ்வொரு வட்டமும் எங்கே போனது என்று தேடுங்கள்.

தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. திருத்தியவரே சரிபார்க்கக் கூடாது. அவருக்கு மூலம் மனதில் இருக்கும், தாளில் இல்லாததையும் வாசித்துவிடுவார். வேறு இருவர் உட்கார வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, மற்றவர் திருத்தியதில் அந்தச் செய்தியைக் கண்டுபிடித்துப் பென்சிலால் அடையாளம் போடட்டும். "மட்டக்களப்புக்கு அப்பால்" என்று வாசித்ததும் அடையாளம் போட இடம் கிடைக்காமல் கை நின்றிருக்கும். பிறகு தலைகீழாக, திருத்தியதை வாசித்து மூலத்தில் தேட வேண்டும். முதல் சுற்றில் விடுபட்டது தெரியும், இரண்டாம் சுற்றில் புதிதாக நுழைந்தது தெரியும். ஒரு சுற்றோடு எழும்பிவிடாதீர்கள். பதறாத காரியம் சிதறாது.

மூலத்திலேயே பிழை இருந்தால்? இந்த முறையால் அது அகப்படாது. சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு எழுதியவரிடம் கேளுங்கள். நீங்களாகத் திருத்தாதீர்கள்.

ஆனால் இவ்வளவும் செய்ய மூலம் கையில் இருக்க வேண்டுமே! இதைச் சொல்லத்தான் நான் வருகிறேன் என்பது இங்கே பலருக்குத் தெரியும், மூன்று வருடமாகச் சொல்கிறேன். அந்த ஆசிரியரின் கையெழுத்துப் பிரதி, மலர் அச்சானதும் பழைய பேப்பரோடு போய்விட்டது. அவரிடம் போட்டோகொப்பி இருந்ததால்தான் எது மாறியது என்று காட்ட முடிந்தது. கோயில் மலர், பாடசாலை மலர், பள்ளிவாசல் மலர் எல்லாவற்றின் மூலப்பிரதிகளும் இப்படித்தான் போகின்றன. நாளைக்கு இந்த ஊரின் வரலாற்றை எழுதப் போகிறவர் அச்சான மலரை மட்டும் பார்த்து ஹெர்மிஸைத் துறைமுகத்தில் மூழ்கடிப்பார். எங்கள் நூலகத்தில் மூலப்பிரதிகளுக்கு ஒரு இரும்பு அலுமாரி வேண்டும். கரையான் ஏறாத, பூட்டுள்ள அலுமாரி. பிரதேச செயலாளர் அவர்கள் முன்னிலையில் இதை மீண்டும் கேட்கிறேன்.

படக்குறிப்புகளுக்கு நேரம் இல்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். அவருடைய அனுமதியோடு ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். இந்தச் சங்கம் வெளியிடும் எந்த மலரும், ஒப்புநோக்கிய இருவரின் கையெழுத்து மூலப்பிரதியின் முதல் பக்கத்தில் இல்லாமல் அச்சகத்துக்குப் போகக் கூடாது. அச்சான பிறகு அந்தப் பிரதி நூலகருக்குப் போக வேண்டும். வழிமொழிகிறவர்கள் தயவுசெய்து எழுந்து நில்லுங்கள்.