ஒரு சைன் அலையால் பிரித்தறிய முடியாத இரண்டு மாடல்கள்

பலகையில் இரண்டு மாடல்கள் எழுதியிருக்கிறேன். u உள்ளீடு, y வெளியீடு.

```
y(t) = 3u(t) + 2u(t-1) + u(t-2)
y(t) = 2u(t) + 2u(t-1)
```

இவற்றுக்கு 0, 1, 0, -1 என்று சுழலும் சைன் அலையை உள்ளீடாகக் கொடுங்கள். தொடக்கம் கழிந்தபின், இரண்டிலிருந்தும் ஒரே வெளியீடுதான் வரும். இரண்டு மாடலுக்கும் உள்ள வித்தியாசம் u(t) + u(t-2). இந்த அலைக்கு அது எப்போதும் பூஜ்யம். ஆண்டுக்கணக்கில் தரவு சேர்த்தாலும், அளவீட்டில் சத்தமே கலக்காவிட்டாலும், எது உண்மை என்று சொல்ல முடியாது. குறை கணக்கிடும் முறையில் இல்லை, உள்ளீட்டில் இருக்கிறது.

நீடித்த கிளர்வு என்ற நிபந்தனை இதைத்தான் கேட்கிறது. உள்ளீட்டின் தன்னொட்டுறவு மதிப்புகளை n×n அணியாக அடுக்கினால் அது நேர்மறை வரையறை உடையதாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் உள்ளீட்டின் கிளர்வு வரிசை குறைந்தது n. மாறாத உள்ளீட்டுக்கு வரிசை 1, ஒற்றை சைனுக்கு 2. நம் மாடலில் மூன்று கெழுக்கள். அதனால்தான் மாட்டிக்கொண்டோம்.

இப்போது இன்னும் வளமான உள்ளீட்டுக்காக மூன்று கட்ட நகர்வுப் பதிவேட்டை எடுத்து, முந்தைய பிட்டையும் அதற்கு இரண்டு இடம் முந்தையதையும் XOR செய்து புதிய பிட்டை உருவாக்குவோம். 1 1 1 0 1 0 0 என்று ஏழு பிட் சுழலும். (எல்லாம் பூஜ்யமாகத் தொடங்கினால் பதிவேடு அங்கேயே உறைந்துவிடும்.) பூஜ்யத்தை -1 ஆக்கித் தன்னொட்டுறவைக் கூட்டினால், மூலைவிட்டத்தில் 7, மற்ற இடமெல்லாம் -1. அந்த 7×7 அணியின் ஐகன் மதிப்புகளில் ஆறு 8, ஒன்று மட்டும் 1. எதுவும் பூஜ்யம் இல்லை, வரிசை 7. அந்த ஒற்றை 1 கவனிக்கத்தக்கது: அது சராசரி மட்டத்தின் திசை. நிலைத்த நிலை ஈட்டத்தைப் பற்றி, அதாவது மாறாத உள்ளீடு இறுதியில் எத்தனை மடங்காக வெளிவரும் என்பதைப் பற்றி, இந்தச் சமிக்ஞை குறைவாகவே சொல்லும். சராசரியைக் கழித்துவிட்டால் வரிசை 6 ஆகிவிடும்.

வரிசை போதுமானதாக இருந்தால் வேலை முடிந்ததா? இல்லை. நேர மாறிலி 60 விநாடி கொண்ட சூடேற்றும் தொட்டிக்கு ஐந்து கட்டப் பதிவேடு, அதாவது 31 பிட் வைத்துக்கொள்வோம். பிட்டுக்கு 5 விநாடி கொடுத்தால், தொடர்ந்து மாறாமல் நிற்கும் மிக நீண்ட துடிப்பு 25 விநாடிதான். அதற்குள் தொட்டி இறுதி மாற்றத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே நகரும். மீதியைச் சத்தம் விழுங்கிவிடும். பிட்டுக்கு 600 விநாடி கொடுத்தால் தொட்டி ஒவ்வொரு முறையும் அமைதியாகிவிடும். ஈட்டம் நன்றாகக் கிடைக்கும், ஆனால் நேர மாறிலியைச் சொல்லும் தருணங்கள் அரிதாகிவிடும். பிட்டுக்கு ஒரு அளவீடு என்று எண்ணினால் இரண்டிலும் வரிசை 31தான்! வரிசை விடை உண்டா என்று மட்டும் சொல்கிறது, எவ்வளவு நம்பலாம் என்று சொல்வதில்லை.

என் தேர்வு 40 விநாடி. நீண்ட துடிப்பு 200 விநாடி, தொட்டி 96 சதவீதம் எட்டிவிடும். ஒரு சுற்று 1240 விநாடி. பிட் நேரத்தால் 0.44ஐ வகுத்தால் கிடைக்கும் அரைத்திறன் அதிர்வெண் 0.011 ஹெர்ட்ஸ், தொட்டியின் வெட்டு அதிர்வெண்ணைப் போல நான்கு மடங்கு. முதல் சுற்றைத் தொடக்க விளைவாக ஒதுக்கிவிட்டு, அடுத்த இரண்டு சுற்றுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். அவற்றின் வேறுபாட்டிலேயே சத்தத்தின் அளவு தெரிந்துவிடும்.